செயல்பாட்டிலிருந்து நிலைத்த விளைவு வரை: ஒரு வயிற்றுப்போக்குச் சிகிச்சைத் திட்டத்தின் மாற்றக் கோட்பாடு

சமூக நலவாழ்வுத் திட்டங்களின் அறிக்கைகளில் இரண்டு வகைச் செய்திகள் அடுத்தடுத்து இடம்பெறுவதைப் பார்க்கலாம். இத்தனை களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது, இத்தனை மருந்துப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன, இத்தனை கூட்டங்கள் நடத்தப்பட்டன என்று செய்து முடித்த வேலைகள் முதலில் வரும். அதை அடுத்து, இதனால் குழந்தை இறப்பு குறையும் என்ற எதிர்பார்ப்பு வரும். பயிற்சிக்கும் இறப்புக் குறைவுக்கும் இடையில் யார் என்ன செய்ய வேண்டும், அவர் ஏன் அதைச் செய்வார், செய்யாமல் போவதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த இடைவெளியை எழுத்தில் நிரப்பி, எழுதியதைக் களத்தில் சோதித்துப் பார்க்கும் முயற்சிக்கே மாற்றக் கோட்பாடு என்று பெயர்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் இறுதியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட தருக்கச் சட்டகம், உள்ளீடு, வெளியீடு, நோக்கம், இலக்கு என்று ஒரு திட்டத்தைக் கட்டங்களாக அடுக்கியது. நன்கொடை நிறுவனங்கள் பலவும் அதை விண்ணப்பப் படிவமாகவே ஆக்கிக்கொண்டன. அதில் அனுமானங்களுக்கென ஒரு பத்தி இருந்தபோதிலும், வானிலை, அரசியல் சூழல் என்று வெளியிலிருந்து வரக்கூடிய இடையூறுகளை நிரப்பும் இடமாகவே அது பெரும்பாலும் பயன்பட்டது. 1995-இல் அமெரிக்காவின் ஆஸ்பென் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு தொகுப்பில் மதிப்பீட்டு அறிஞர் கேரல் வைஸ் வேறொரு கேள்வியை முன்வைத்தார். சமூகத் திட்டங்களை மதிப்பிடுவது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு, அவை எந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கின்றன என்பது தெளிவாகச் சொல்லப்படாததே முக்கியக் காரணம் என்பது அவருடைய வாதம். அவருடைய கவனம் கட்டங்களின் மேல் இருந்ததைவிட, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் அம்புக்குறியின் மேல்தான் அதிகம் இருந்தது. ஒவ்வோர் அம்புக்குறியும் மனிதர்களின் நடத்தையைப் பற்றிய ஒரு கூற்று. அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட 6,000 குழந்தைகள் வாழும் ஒரு கிராமப் பகுதியை வைத்துக்கொள்வோம். அங்கே குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் உரிய நேரத்தில் கிடைக்கச் செய்வதுதான் திட்டம். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு வருவதாகக் கொண்டால், ஓராண்டில் 12,000 நிகழ்வுகள். இந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆனால், இதுபோன்ற ஒரு கணக்கு கையில் இல்லாமல் கோட்பாடு எழுத உட்காரக் கூடாது என்பது என் கருத்து.

கோட்பாட்டைத் தொடக்கத்திலிருந்து எழுதாமல் முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுவதே வழக்கம். பயிற்சியிலிருந்து தொடங்கினால், அடுத்தடுத்து நல்லதே நடக்கும் என்று பேனா தானாகவே ஓடிவிடும். முடிவிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு படியிலும், இது நடப்பதற்கு முன் வேறு எது நடந்திருக்க வேண்டும் என்று கேட்டாக வேண்டியிருக்கும். நம் திட்டத்தின் கடைசிப் படி, வயிற்றுப்போக்கால் நேரும் நீரிழப்பினால் குழந்தைகள் இறக்காமல் இருப்பது. அதற்கு முந்தைய படி, நீரிழப்பு முற்றுவதற்குள் குழந்தையின் உடலுக்குள் போதுமான கரைசல் சென்றிருப்பது. அதற்கு முன், வீட்டில் ஒருவர் கரைசலைச் சரியான அளவில் கலக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குமுன் பொட்டலம் வீட்டிலோ எட்டும் தூரத்திலோ இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், இந்த வயிற்றுப்போக்குக்கு இந்தக் கரைசல்தான் தேவை என்று அந்த வீட்டில் முடிவெடுப்பவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் பயிற்சியும் விநியோகமும் வருகின்றன.

இந்தச் சங்கிலியில் மிக உறுதியான கண்ணி கடைசியில் இருக்கிறது. கரைசல் குடலுக்குள் சென்றால் உடல் நீரை உறிஞ்சும் என்பதில் ஐயமில்லை. சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துச்செல்லும் ஒரு புரதம் இருக்கிறது. அவற்றின் பின்னால் நீரும் செல்லும். காலராவின்போதுகூட இந்த வழி அடைபடுவதில்லை. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சமையல் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உண்டு. 1971-இல் மேற்கு வங்கத்தின் எல்லையோர நகரமான பன்காவ்வில் இருந்த அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் வாய்வழிக் கரைசலையே நம்ப வேண்டியதாயிற்று. முன்னர் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசலைக் கொடுத்தவர்களில் நோயாளிகளின் உறவினர்களும் இருந்தார்கள். எனவே நம் திட்டத்தின் உயிரியல் அம்புக்குறியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நீண்ட விவாதத்துக்குரியவை மற்ற அம்புக்குறிகள்தாம்; திட்ட ஆவணங்களில் இடம் குறைவாகக் கிடைப்பதும் அவற்றுக்குத்தான்.

முதலாவதாக, கற்றுக்கொடுத்தால் தாய் பயன்படுத்துவாள் என்ற அம்புக்குறியை எடுத்துக்கொள்வோம். இதை ஒரு நாட்டளவில் சோதித்த அனுபவம் வங்கதேசத்தின் பிராக் என்ற தன்னார்வ அமைப்புக்கு உண்டு. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, உப்பும் வெல்லமும் கொண்டு வீட்டிலேயே கரைசல் செய்யும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர் நீர். நினைவில் கொள்ள வேண்டிய பத்துச் செய்திகளும் இருந்தன. பணியாளரின் சம்பளம் அவர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு கண்காணிப்பாளர் சில வீடுகளுக்கு மட்டும் சென்று, தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவர்கள் கலக்கும் கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த முடிவே சம்பளத்தைத் தீர்மானித்தது. கரைசலின் மாதிரிகள் ஆய்வகத்திலும் சோதிக்கப்பட்டன. கற்பித்தலின் தரத்தை இவ்வளவு கறாராக அளந்த திட்டங்கள் இன்றும் குறைவு.

அளந்ததில் கிடைத்த விடை திட்டக்காரர்களைத் திகைக்க வைத்தது. தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் கரைசலைப் பிழையில்லாமல் கலக்கினார்கள். ஆனால், உண்மையாகவே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அறிவு வந்தால் செயல் வரும் என்று வரையப்பட்டிருந்த அம்புக்குறி அங்கே அறுந்துகிடந்தது. ஏன் என்று விசாரித்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் வெளிவந்தன. பணியாளர்களிலேயே பலர் அந்தக் கரைசலை நம்பவில்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை வாங்கினார்கள். கற்பிப்பவருக்கே நம்பிக்கையில்லாத செய்தி கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அடுத்து, ஆண்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. மருந்து வாங்குவதையும் மருத்துவரிடம் போவதையும் முடிவு செய்கிற வீட்டு ஆண்கள், பெண்களிடம் மட்டும் பேசிவிட்டுப்போன வெளியாரின் பேச்சை ஐயத்தோடு பார்த்தார்கள். மூன்றாவது காரணம் இன்னும் நுட்பமானது. கிராமத்தினர் வயிற்றுப்போக்கை நான்கு தனித்தனி நோய்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பணியாளர் பயன்படுத்திய பெயர் அவற்றில் ஒன்றை மட்டுமே குறித்தது; கடுமையான, நீராய்ப் போகும் வகையை. மற்ற மூன்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்று தாய்மார்கள் நினைக்கவேயில்லை.

இந்த மூன்று காரணங்களுமே, எழுதப்பட்டிருந்தால் முன்கூட்டியே சோதித்திருக்கக்கூடிய அனுமானங்கள். பணியாளர் தான் கற்பிப்பதை நம்புகிறார், தாய்தான் முடிவெடுக்கிறாள், நாம் சொல்லும் நோயும் அவள் புரிந்துகொள்ளும் நோயும் ஒன்றே. பிராக்கின் பெருமை, விடை வந்தபின் கோட்பாட்டை மாற்றிக்கொண்டதில் இருக்கிறது. பணியாளர்கள் நோயாளிகள் கரைசலால் தேறுவதை மருத்துவமனையிலேயே பார்க்கும்படி அழைத்துச் செல்லப்பட்டார்கள். வீடுகளில் கரைசலைத் தாங்களே குடித்துக் காட்டினார்கள். ஆண்களைப் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பள்ளிகளிலும் சந்தித்துப் பேசும் வேலை தனியாகச் சேர்க்கப்பட்டது. அதாவது, பயிற்சியின் அளவு கூட்டப்படவில்லை. சங்கிலியில் இல்லாதிருந்த கண்ணிகள் சேர்க்கப்பட்டன.

நம் மாதிரித் திட்டத்துக்குத் திரும்பினால், இதே இடத்தில் இன்னோர் அனுமானமும் ஒளிந்திருக்கிறது. கரைசல் நீரிழப்பைத் தடுக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தாது. கொடுத்த பிறகும் குழந்தை முன்போலவே வெளியே போய்க்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது வேலை செய்யவில்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை. அவள் எதிர்பார்ப்பது ஒரு விளைவு, கரைசல் தருவது மற்றொன்று. ஆகவே, ஒரு முறை கொடுத்துப் பார்த்தால் பலனைக் கண்டு மறுமுறையும் கொடுப்பாள் என்று கோட்பாட்டில் எழுதினால் அது பிழையாகிவிடும். அவள் எதைப் பலனாகக் கொள்ள வேண்டும், அதாவது குழந்தை விழித்திருப்பது, சிறுநீர் கழிப்பது, கண்கள் குழிவிழாமல் இருப்பது, இவற்றைப் பணியாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் மறுமுறைக்கு வழி பிறக்கும். துத்தநாகம் ஓரளவு நாட்களைக் குறைக்கிறது என்பது இங்கே துணையாக வரும். ஆனால், அதை மொத்தம் 10 முதல் 14 நாட்கள், வயிற்றுப்போக்கு இடையில் நின்றுவிட்டாலும் விடாமல், தர வேண்டும் என்பதால் அதற்கென்று தனியாக ஓர் அனுமானம் தேவைப்படுகிறது. குழந்தை தேறிய பிறகு மாத்திரை கொடுக்க யாருக்கு நினைவிருக்கும்?

இரண்டாவது அம்புக்குறி, பொட்டலத்தைக் கிடைக்கச் செய்வது பற்றியது. பொட்டலம் இருந்தால் கொடுப்பார்கள், இல்லாததால்தான் கொடுக்கவில்லை என்பது எல்லாத் திட்டங்களுக்கும் பிடித்தமான விளக்கம். பொருள் வாங்கிக் கொடுப்பது எளிது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. பீகாரிலும் கர்நாடகத்திலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடமும் மருந்துக்கடைகளிலும், இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிக்கொண்டு, பயிற்சி பெற்ற நடிகர்கள் பெற்றோரைப்போலச் சென்றார்கள். கரைசல்தான் சரியான சிகிச்சை என்று தெரிந்தவர்களும் அதைத் தராமல் விடுவது ஏன் என்பதே கேள்வி. மூன்று விளக்கங்கள் போட்டியில் இருந்தன. கையிருப்பில் இல்லை, வேறு மருந்து விற்றால் லாபம் அதிகம், நோயாளி கரைசலை விரும்பமாட்டார் என்று சிகிச்சை தருபவர் நினைக்கிறார். சில இடங்களுக்குப் பல வாரங்களுக்குப் போதுமான பொட்டலங்கள் இலவசமாகத் தரப்பட்டன. லாப நோக்கைச் சோதிக்க, பெற்றோராக நடித்தவர்களில் சிலர் மருந்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வேறு சிலர் எங்களுக்குக் கரைசலே வேண்டும் என்றார்கள். கரைசல் தரப்படாமல் போனதில் ஏறத்தாழ 42 சதவீதம், நோயாளி விரும்பமாட்டார் என்ற எண்ணத்தால் விளைந்தது. கையிருப்பின்மையின் பங்கு சுமார் 6 சதவீதம், லாப நோக்கின் பங்கு சுமார் 5 சதவீதம்.

இந்த முடிவு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மலைப்பகுதியில் மருந்து வண்டி வராத கிராமத்தில் கையிருப்பின்மையே முதல் காரணமாக இருக்கக்கூடும். ஆனாலும், மூன்று விளக்கங்களும் மூன்று வெவ்வேறு மாற்றக் கோட்பாடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதை நம்பும் திட்டம் பொட்டலங்களை வாங்கிக் குவிக்கும். இரண்டாவதை நம்பினால் ஊக்கத்தொகை அறிவிக்கும். மூன்றாவதை நம்பும் திட்டம், கேட்டு வாங்கும்படி பெற்றோரைத் தயார்படுத்தும். செலவு செய்வதற்கு முன்பே இவற்றில் எது இங்கே உண்மை என்று பார்க்க, அந்த ஆய்வைப்போலப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பகுதியிலுள்ள பத்துப் பதினைந்து சிகிச்சையாளர்களிடம், உங்கள் சொந்தக் குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள், வருபவர்களுக்கு ஏன் அதைக் கொடுப்பதில்லை என்று கேட்டு, அலமாரியில் பொட்டலம் இருக்கிறதா என்றும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒவ்வொரு கண்ணியும் சற்றே பலவீனமாக இருந்தால் மொத்தத்தில் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நம் சங்கிலியில் ஐந்து நிபந்தனைகள் இருப்பதாகக் கொள்வோம்: வீட்டில் உள்ளவர் உரிய நேரத்தில் கரைசல் தேவை என்று உணர்வது, பொட்டலம் கைக்குக் கிடைப்பது, சரியான அளவு நீரில் கலப்பது, ஒவ்வொரு முறை வெளியே போன பின்னும் கொடுப்பது, வயிற்றுப்போக்கு நீடிக்கும்வரை கொடுப்பது. ஒவ்வொன்றும், அதற்கு முந்தையது நிறைவேறிய வீடுகளில், 80 சதவீதம் நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் திட்ட மேலாளரும் மகிழக்கூடிய எண்தான். 0.8 என்பதை ஐந்து முறை பெருக்கினால் கிடைப்பது 0.33-க்கும் குறைவு. ஆண்டின் 12,000 நிகழ்வுகளில் சுமார் 3,900-இல் மட்டுமே குழந்தை முழுச் சிகிச்சை பெறுகிறது. இப்போது பொட்டல விநியோகத்தை மட்டும் 80-இலிருந்து 100 சதவீதமாக உயர்த்தினால் இந்த எண்ணிக்கை சுமார் 4,900 ஆகும். ஐந்தில் ஒன்று மட்டும் 40 சதவீதத்தில் நின்றுபோனால், மற்ற நான்கும் அப்படியே இருக்க, 2,000-க்குக் கீழே இறங்கிவிடும். எனவே ஆவணத்தில் எல்லா அம்புக்குறிகளையும் ஒரே தடிமனில் வரைவது ஏமாற்றுவேலை. பலவீனமானது எது என்று தேடி அதன்மேல் பணத்தையும் கவனத்தையும் வைப்பதற்கே இந்தக் கோட்பாடு பயன்பட வேண்டும்.

கலக்கும் படியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது. கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியது 50 முதல் 100 மில்லி லிட்டர்தான். ஒரு லிட்டர் அவ்வளவு சிறிய குழந்தைக்கு மிக அதிகமாகத் தோன்றுகிறது. வீணாகுமே என்ற எண்ணமும் வருகிறது. ஆகவே ஒரு டம்ளர் நீரில் கொஞ்சம் பொடியைத் தட்டிக் கலக்கிவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். பொடி கூடிவிட்டால் கரைசல் செறிந்து தீங்கு செய்யும். குறைந்தால் பயன் குறையும். இதைக் கேள்வித்தாளால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எல்லாருமே ஒரு லிட்டர் என்றே விடை சொல்வார்கள். வீட்டிலிருக்கும் பாத்திரத்தையே எடுத்துக் கலக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பிரிக்கப்பட்ட பொட்டலம் அடுக்களையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மடித்து வைத்த பாதிப் பொட்டலம் ஒன்று, நூறு சரியான விடைகளைவிட அதிகம் சொல்லும்.

குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே ஒழுங்குதான். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் அது நடக்கிறதா இல்லையா என்று காட்டக்கூடிய ஒன்றேனும் இருக்க வேண்டும். அது எந்த மாதத்தில் அசையத் தொடங்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். பயிற்சி முடிந்த முதல் சில மாதங்களில் கலக்கும் திறன் உயர வேண்டும். அடுத்த ஆறு மாதங்களில், கடந்த இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேருக்குக் கரைசல் தரப்பட்டது என்ற விகிதம் உயர வேண்டும். இரண்டு வாரம் என்ற எல்லை, அதற்கு முன் நடந்தது நினைவில் மங்கிவிடும் என்பதால் ஆய்வுகளில் வழக்கமாக வைக்கப்படுவது. பருவமும் பார்க்கப்பட வேண்டும். நோய் அதிகமாகும் மாதங்களில் ஓர் ஆய்வையும் குறைந்த மாதங்களில் மற்றோர் ஆய்வையும் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் திட்டத்தாலா, பருவத்தாலா என்று சொல்ல முடியாது.

சங்கிலியின் கடைசியில் இருக்கும் இறப்பு விகிதத்தை இத்தகைய திட்டம் தன் வெற்றிக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம் 6,000 குழந்தைகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் வயிற்றுப்போக்கால் இறப்பதாகக் கொண்டால், மொத்தம் ஆறு இறப்புகள். எந்தத் தலையீடும் இல்லாமலேயே அது ஓர் ஆண்டில் மூன்றாகவும் மறு ஆண்டில் ஒன்பதாகவும் ஆகக்கூடும். சிறிய எண்ணிக்கைகளின் இயல்பு அது. மூன்றானதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் திட்டம், ஒன்பதாகும் ஆண்டில் என்ன சொல்லும்? ஆகவே, நல்ல கோட்பாட்டு வரைபடத்தில் ஓரிடத்தில் ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அதற்கு இந்தப் பக்கம் உள்ளவற்றுக்குத் திட்டம் பொறுப்பேற்கும், அவற்றை அளக்கும். அந்தப் பக்கம் உள்ளவற்றை நம்புவதற்கான ஆதாரத்தைப் பிற ஆய்வுகளிலிருந்து எடுத்துக்காட்டும், தானே நிறுவ முற்படாது. நம் திட்டத்தில் அந்தக் கோடு, குழந்தைக்கு முழுமையான சிகிச்சை கிடைத்தது என்ற படிக்குப் பின்னால் வர வேண்டும். அதற்கு அப்பாலுள்ள அம்புக்குறியை உயிரியலும் பல்லாண்டுக்கால மருத்துவ அனுபவமும் தாங்கிக்கொள்கின்றன. கரைசல் எட்டாத இறப்புகளும் உண்டு. மலத்தில் இரத்தம் வரும் சீதபேதிக்கு வேறு மருந்து வேண்டும். கடும் நீரிழப்புக்கு நரம்புவழித் திரவம் வேண்டும். இவற்றை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழி சங்கிலியில் தனிக் கிளையாக எழுதப்படாவிட்டால் திட்டம் தன் கணக்கைத் தானே மிகைப்படுத்திக்கொள்ளும்.

எதிர்பார்த்தது நடக்காதபோது இரண்டு வகைத் தோல்விகளைப் பிரித்தறிய இந்த இடைநிலை அளவீடுகள் உதவுகின்றன. பயிற்சியே ஒழுங்காக நடக்கவில்லை, பொட்டலமே போய்ச் சேரவில்லை என்றால் அது செயல்படுத்தியதில் உள்ள தோல்வி. கோட்பாடு இன்னும் சோதிக்கப்படவேயில்லை. எல்லாம் திட்டமிட்டபடி நடந்தும் அடுத்த படி அசையவில்லை என்றால் அது கோட்பாட்டின் தோல்வி. முதலாவதற்கு மருந்து, இன்னும் நன்றாகச் செய்வது. இரண்டாவதற்கு இன்னும் அதிகமாகச் செய்வதால் பயனில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் திட்டங்கள், வேலை செய்யாத பயிற்சியையே இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று நடத்திக்கொண்டிருக்கும். பிராக்கின் தாய்மார்கள் சரியாகக் கலக்கினார்கள் என்பது அளக்கப்படாமல் இருந்திருந்தால், குறைந்த பயன்பாட்டுக்குப் பயிற்சியின் போதாமையே காரணமென்று எளிதாக முடிவுகட்டியிருப்பார்கள்.

நிலைத்த விளைவு என்ற சொல் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. அதற்கென்று வரையப்பட்ட அம்புக்குறியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்டோர் என்பது நிலையான மக்கள் கூட்டம் இல்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வயது கடந்து வெளியேறுகிறார்கள், அதே அளவினர் புதிதாகப் பிறக்கிறார்கள். திட்டம் தொடங்கிய நாளில் இருந்த 6,000 குழந்தைகளில் ஒருவர்கூட ஐந்தாண்டு கழித்து அந்த வயது வரம்புக்குள் இருக்க மாட்டார். தாய்மார்களில் ஒரு பகுதியினர் அடுத்த குழந்தைக்கும் தாயாக இருப்பார்கள். முதல் முறை தாயாகிறவர்களும் திருமணமாகி வேறிடத்திலிருந்து வருகிறவர்களும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே, இன்றைய தாய்மார்களின் நினைவில் பதிந்த பாடம் நிலைக்கும் என்பது விளைவு நிலைக்கும் என்பதற்கு ஒப்பாகாது. விளைவு நிலைக்க வேண்டுமானால், பாடத்தைப் புதிய தாய்க்குக் கொண்டுபோகும் ஏதேனும் ஒரு வழி திட்டம் முடிந்த பிறகும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வழி எது என்று கோட்பாடு பெயர் சொல்ல வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் நிகழும் தடுப்பூசிச் சந்திப்பில் செவிலியர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துக் கலக்கிக் காட்டுவது ஒரு வழி. மாமியார், மூத்த பெண்கள் ஆகியோரின் வழியாக வீட்டுக்குள்ளேயே கைமாறுவது இன்னொரு வழி. மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கு என்று சொன்னால் முதலில் எடுத்து நீட்டுவது கரைசலாக இருக்கும்படி வழக்கம் மாறுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமானங்கள் உண்டு. செவிலியர் வழி என்றால், பொட்டலம் அரசின் வழக்கமான கொள்முதல் பட்டியலில் இடம்பெற்று அதற்கான தொகை ஆண்டு வரவு செலவில் ஒதுக்கப்பட வேண்டும். சந்திப்பில் அதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுங்க வேண்டும். இதைத் திட்டத்தின் இறுதி ஆண்டில் ஒப்படைப்பு என்ற தலைப்பில் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும், ஏனெனில் கொள்முதல் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பதற்கே ஒரு நிதியாண்டுக்கு மேல் ஆகலாம். மதிப்பூதியம் வாங்கும் தன்னார்வலர்களின் மேல் முழுச் சங்கிலியும் தொங்குகிறது என்றால், மதிப்பூதியம் நின்ற மாதத்துக்கு அடுத்த மாதம் வீட்டுச் சந்திப்புகள் எத்தனை நடக்கும் என்ற கேள்விக்கு விடை எழுதியாக வேண்டும். விடை சுழியம் என்றால் அதையும் எழுதலாம். பொய்யான அம்புக்குறியைவிட அது மேல்.

நிலைப்பதைச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, சில கிராமங்களில் மட்டும் வீட்டுச் சந்திப்பை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து அங்கே ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையுள்ள முதல்முறைத் தாய்மார்களைத் தேடிச் சென்று பார்க்கலாம். திட்டத்தின் பணியாளர் யாரையும் நேரில் சந்தித்திராத அவர்கள் கரைசலைப் பற்றி யாரிடமிருந்து கேள்விப்பட்டார்கள், கலக்கத் தெரிகிறதா, கடைசியாக வயிற்றுப்போக்கு வந்தபோது என்ன கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளே போதும். முதல் கேள்விக்கான விடைதான் இவற்றில் மிக முக்கியமானது. பலரும் செவிலியரைச் சொன்னால் ஒரு வழியும், மாமியாரைச் சொன்னால் வேறொரு வழியும் உயிரோடிருப்பது தெரியவரும். யாரையும் சொல்லவில்லை என்றால், எஞ்சியிருக்கும் ஆண்டுகளின் பணத்தை வீட்டுச் சந்திப்பிலிருந்து எடுத்து வேறெங்கே வைப்பது என்பதை இந்த விடைகளைப் பரிசீலிக்கும் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.